பெயரை மட்டும் மறைத்தால் போதாது: ரெஸ்யூமே பரிசீலனையில் பாரபட்சத்தைக் கண்டுபிடிப்பதும், அடையாளம் மறைத்துப் படிப்பதும்

ஒருமுறை ஒரு மேனேஜரிடம் இருபது ரெஸ்யூமேக்களைக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் பெயர், புகைப்படம், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் கறுப்பு மையால் அடித்திருந்தேன். படித்து முடித்ததும், "இவற்றில் பெண்கள் யார், நாற்பது தாண்டியவர்கள் யார் என்று சும்மா ஊகித்துச் சொல்லுங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். ஒன்றில் பட்டம் வாங்கிய ஆண்டு இருந்தது. ஒன்றில் மகளிர் கல்லூரியின் பெயர். இன்னொன்றில், இன்று யாரும் பயன்படுத்தாத ஒரு கணக்கு மென்பொருள் திறமைப் பட்டியலின் முதல் வரியிலேயே இருந்தது. நான் மறைத்தது பெயரை மட்டும்தான், ஆளை மறைக்கவில்லை.

மறைத்துப் படிக்கும் முறையை அமைக்க நினைக்கும் பலர் இந்தக் கறுப்பு மையில் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையில் மை இதன் நடுவில் வரும் ஒரு சின்ன வேலை. அதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும், அளவுகோல் எழுத வேண்டும். பின்னால் மறைப்பை எப்போது விலக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் பழைய கோப்பைத் திறங்கள்

பாரபட்சம் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஒரு ரெஸ்யூமேயைத் தள்ளி வைக்கும்போது யாரும் பெயரைக் காரணமாக நினைப்பதில்லை. "அனுபவம் சரியாகப் பொருந்தவில்லை" என்றுதான் நினைக்கிறார்கள்.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஆட்களிடம் கேட்காமல் ரெஸ்யூமேக்களையே அனுப்பிப் பார்த்தார்கள். மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை ரெஸ்யூமேக்கள் சுமார் 5,000 போயின. எந்த ரெஸ்யூமேக்கு எந்தப் பெயர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வெள்ளையர் பெயர் கொண்டவற்றில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் கொண்டவற்றில் பதினைந்துக்கு ஒன்றுக்குத்தான். இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதே வழியில் நடந்தது. சமமான தகுதி இருந்தும் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது.

உங்கள் நிறுவனத்தில் கற்பனை ரெஸ்யூமே அனுப்பிப் பார்க்கத் தேவையில்லை. கடந்த ஆள்சேர்ப்பின் கோப்பு இருக்கிறதே, அது போதும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

கணக்குப் பிரிவில் ஒரு பணி, மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 80 பேர் விண்ணப்பித்தார்கள். 15 பேரை ஷார்ட்லிஸ்ட் செய்தீர்கள். ஓர் எக்செல் தாளில் ஆளுக்கு ஒரு வரி. முதல் பத்தியில் விண்ணப்ப எண். இரண்டாவதில் கல்லூரி வகை: பரிசீலிப்பவர்களுக்குத் தெரிந்த பெயருள்ள கல்லூரி என்றால் A, மற்றவை B. மூன்றாவதில் பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு. நான்காவதில் புகைப்படம் இருந்ததா. ஐந்தாவதில் தேர்வானாரா. A வகைக் கல்லூரியின் தேர்வு விகிதத்துக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(B:B,"A",E:E,"ஆம்")/COUNTIF(B:B,"A")
```

A வகையில் 26 பேர், தேர்வானவர் 10. அதாவது 38 சதவீதம். B வகையில் 54 பேர், தேர்வானவர் 5. அது 9 சதவீதம். சின்னதைப் பெரியதால் வகுத்தால் 0.24 வருகிறது. அமெரிக்க அரசு 1978இல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் 'ஐந்தில் நான்கு' என்றொரு அளவு இருக்கிறது. இனம், பாலினம் போன்றவற்றால் பிரித்த குழுக்களில் ஒன்றின் தேர்வு விகிதம், அதிகம் தேர்வான குழுவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கல்லூரி அந்த விதிக்குள் வராது. ஆனால் கணக்குப் போடும் வழியை நாம் எடுத்துக்கொள்ளலாம். 0.24 என்பது 0.80க்கு எங்கோ கீழே இருக்கிறது.

இங்கே அவசரப்படக் கூடாது. A வகையினர் உண்மையிலேயே இந்த வேலைக்கு அதிகம் பொருந்துபவர்களாக இருக்கலாம் அல்லவா? அதைப் பிரித்துப் பார்க்காமல் 0.24ஐ வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசினால், "நல்ல கல்லூரியில் நல்ல பிள்ளைகள் இருப்பார்கள்" என்ற ஒரே வாக்கியத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

எனவே இரண்டாவது சோதனை. அதே 80 ரெஸ்யூமேக்களையும் அடையாளம் மறைத்து, அந்த ஆள்சேர்ப்பில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, எழுதிவைத்த அளவுகோலின்படி மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மறைப்பதும் அளவுகோலும் எப்படி என்பது கீழே வருகிறது. நம் எடுத்துக்காட்டில் தேறியவர்கள் A வகையில் 26இல் 12, B வகையில் 54இல் 14. அதாவது 46 சதவீதமும் 26 சதவீதமும். விகிதம் 0.56. ஆக, வித்தியாசத்தில் ஒரு பங்கு நிஜம்தான். A வகையில் பொருந்துபவர்கள் கூடுதல்.

இப்போது தேறியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேர் முதலில் ஷார்ட்லிஸ்ட் ஆனார்கள் என்று பாருங்கள். A வகையில் தேறிய 12 பேரில் 8 பேர். B வகையில் தேறிய 14 பேரில் 4 பேர். ஒரே தகுதி இருந்தும் ஒரு பக்கம் மூன்றில் இரண்டு பேருக்கு அழைப்பு, இன்னொரு பக்கம் மூன்றில் ஒருவருக்குக்கூட இல்லை. தகுதி வித்தியாசம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடம் இதுதான். கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய எண்ணும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. 12, 14 என்பவை சின்ன எண்கள். இரண்டு பேர் இடம் மாறினால் சதவீதம் குதிக்கும். ஒரே பணிக்கு நடந்த இரண்டு மூன்று சுற்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் நிலைப்படும். வெவ்வேறு பணிகளை ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். பணிக்குப் பணி விண்ணப்பிப்பவர்கள் வேறு.

நிராகரித்த காரணங்களைப் படியுங்கள்

எண்கள் எங்கே வலிக்கிறது என்று காட்டும். எதனால் என்பதை நிராகரிப்புக் குறிப்புகள் காட்டும். குறிப்பு எழுதும் வழக்கமே இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள், ஒரு வரி போதும்.

வயது பெரும்பாலும் "தேவைக்கு அதிகமான தகுதி", "நீண்ட நாள் நிற்க மாட்டார்", "துடிப்பான குழு நம்முடையது" என்ற வேடங்களில் வரும். முதல் இரண்டும் கணிப்புகள். ரெஸ்யூமேயில் அதற்குச் சான்று எதுவும் இருக்காது. சரிபார்க்க எளிய வழி: அதே குறிப்பு இளையவர் ஒருவருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேலை மாறிய இளைஞருக்கு "நிற்க மாட்டார்" என்று எழுதாமல், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு எழுதியிருந்தால் அங்கே பேசுவது வயதுதான். டேவிட் நியூமார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வயதான விண்ணப்பதாரர்களில் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்துக்கு ஆண்களைவிட வலுவான சான்று கிடைத்தது. வயதையும் பாலினத்தையும் தனித்தனியாக மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கும். உங்கள் தாளிலும் இரண்டையும் சேர்த்து ஒருமுறை பாருங்கள்.

பெயர் வரும் வேடம், "தொடர்புத் திறன் எப்படியோ தெரியவில்லை" என்பது. ரெஸ்யூமேயின் எழுத்து நடை சுத்தமாக இருக்கும், ஆனாலும் சந்தேகம் வரும். புகைப்படம் பெரும்பாலும் குறிப்பிலேயே ஏறாது. முகம் பிடித்துப்போனால் மற்ற வரிகளையும் கனிவோடு படிக்கிறோம், அவ்வளவுதான். அழகானவர்களுக்குத்தான் எப்போதும் லாபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். பிராட்லி ரஃபிள், ஸீவ் ஷ்டுடினர் இருவரும் இஸ்ரேலில் செய்த ஆய்வில், அழகான ஆணின் படம் ஒட்டியவற்றுக்கு அழைப்பு கூடியது. அழகான பெண்ணின் படம் ஒட்டியவற்றுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. படமே இல்லாத பெண்ணின் ரெஸ்யூமேக்கு அதைவிட அதிகமாக அழைப்பு வந்தது. படத்தைப் பொறுத்தவரை பேச்சு நீளத் தேவையில்லை. பார்த்தே ஆகவேண்டிய தொழில்கள் மிகச் சில. மற்ற இடங்களில் விண்ணப்பத்திலேயே கேட்காதீர்கள்.

கல்லூரி வேறு மாதிரி. மற்ற மூன்றையும் யாரும் வெளிப்படையாக ஆதரித்துப் பேச மாட்டார்கள். கல்லூரிப் பெயரைத் தைரியமாக ஆதரிப்பார்கள், ஏனென்றால் அதில் கொஞ்சம் தகவல் இருக்கிறது. ஒரு கடினமான நுழைவுத் தேர்வை யாரோ ஒருநாள் தாண்டினார் என்பது அந்தத் தகவல். பதினெட்டு வயதில் தாண்டியதற்கு, முப்பத்து மூன்று வயதில் விண்ணப்பிக்கும் கணக்காளரிடம் எவ்வளவு மதிப்பு என்பதுதான் கேள்வி. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்ததா, வீட்டை விட்டு வெளியூர் அனுப்பினார்களா என்பதும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அதோடு, பரிசீலிப்பவர் தானும் அதே கல்லூரியில் படித்திருந்தால், அவர் படிப்பது ரெஸ்யூமேயை மட்டும் இல்லை, தன் பழைய நாட்களையும்தான். குறிப்புகளில் "வலுவான அடித்தளம்" என்று வந்தால் அது எந்த வரியைப் பார்த்து எழுதியது என்று கேளுங்கள். பெரும்பாலும் கல்வி என்ற தலைப்பின் கீழே இருக்கும் ஒரே ஒரு வரியாக இருக்கும்.

மறைப்பதற்கு முன் அளவுகோல்

பலர் தாண்டிவிடும் படி இது. பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டு, "இனி நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொடுத்தால், படிப்பவர் கைப்பிடி தேடுவார். நிறுவனப் பெயர், பக்க வடிவமைப்பு, ஆங்கில நடை என்று எதையாவது பிடித்துக்கொள்வார். ஒரு குறுக்குவழியை அடைத்தால் அடுத்த குறுக்குவழி திறக்கும்.

ஆகவே விண்ணப்பங்கள் வருவதற்கு முன்பே, அந்த வேலையை இப்போது செய்பவரோடு உட்கார்ந்து, முதல் ஆறு மாதத்தில் புதியவர் என்ன செய்தாக வேண்டும் என்று எழுதுங்கள். நம் கணக்குப் பணிக்கு நான்கு வந்தன: மாத முடிவுக் கணக்கைத் தானே முடிப்பது, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது, எக்செலில் பெரிய தரவைக் கையாள்வது, ஒரு சிக்கலைப் பிற பிரிவினருக்குப் புரியும்படி எழுதுவது. நான்குக்கு மேல் போனால் மதிப்பெண் போடுபவர் களைத்துவிடுவார், கடைசி இரண்டுக்கும் ஒப்புக்கு ஓர் எண் போடுவார்.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எண்ணுக்கு எதிரே அதன் பொருளை எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரின் 2 இன்னொருவரின் 3 ஆகிவிடும். மாத முடிவுக் கணக்கை எடுத்துக்கொண்டால்:

0 – குறிப்பிடவே இல்லை.
1 – அந்த வேலையில் உதவியாக இருந்ததாகச் சொல்கிறார்.
2 – தானே பொறுப்பேற்று முடித்ததாகச் சொல்கிறார்.
3 – தானே முடித்ததோடு, எத்தனை நாளில், எவ்வளவு பெரிய கணக்கு, எதை மேம்படுத்தினார் என்று குறிப்பாகச் சொல்கிறார்.

மொத்தம் 12. தேர்ச்சி எல்லை 7 என்று முதலிலேயே எழுதி வையுங்கள். மதிப்பெண்களைப் பார்த்த பிறகு எல்லையை வைத்தால், மனத்துக்குப் பிடித்தவர் எங்கே நிற்கிறாரோ அங்கே எல்லை போய் நிற்கும்.

"நிறுவனக் கலாசாரத்துக்குப் பொருந்துவார்" என்பதை அளவுகோலில் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். 0 என்றால் என்ன, 3 என்றால் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடிந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

மறைக்கும் வேலை

இரண்டு வழிகள் உண்டு. வந்த ரெஸ்யூமேயில் அடித்து மறைப்பது ஒன்று. ரெஸ்யூமே கேட்காமல் ஒரு படிவத்தை நிரப்பச் சொல்வது இன்னொன்று. என் ஓட்டு படிவத்துக்கு. பெயரும் தொடர்பு விவரமும் ஒரு பகுதி, மற்றவை இன்னொரு பகுதி. ஏற்றுமதி செய்யும்போது இரண்டாவது பகுதி மட்டும் பரிசீலிப்பவருக்குப் போகும். மறைக்க ஆள் வேண்டாம், மறந்துபோகவும் வழியில்லை. இன்னொரு லாபம், அளவுகோலில் உள்ளதையே நேராகக் கேட்கலாம்: "கணக்கில் ஒரு வித்தியாசம் வந்தபோது அதை எப்படித் தேடிக் கண்டுபிடித்தீர்கள்? 150 சொற்களுக்குள் எழுதுங்கள்." அழகாக ரெஸ்யூமே தயாரிக்கத் தெரியாத, ஆனால் வேலை தெரிந்த ஆள் இந்தப் பதிலில்தான் வெளிப்படுவார்.

ரெஸ்யூமேயைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், மறைப்பவரும் மதிப்பெண் போடுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்ற பட்டியலை மறைப்பவர் மட்டும் வைத்திருக்கட்டும். எண்ணை விண்ணப்பம் வந்த வரிசையில் கொடுக்காமல் கலைத்துக் கொடுங்கள். எக்செலில் ஒரு பத்தியில் `=RAND()` போட்டு அதன்படி வரிசைப்படுத்தினால் முடிந்தது.

எதையெதை மறைப்பது என்பதைவிட, மறைத்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் முக்கியம். வெறுமனே அடித்தால் தேவையான தகவலும் சேர்ந்து போய்விடும். ஆண்டுகளை அடிக்காமல் கால அளவாக மாற்றுங்கள்: குறிப்பிட்ட ஆண்டு முதல் குறிப்பிட்ட ஆண்டு வரை என்பது "4 ஆண்டு 2 மாதம்" ஆகட்டும். பத்து, பதினைந்து ஆண்டுக்கு மேல் நீளும் அனுபவத்தில், கேட்டிருக்கும் அனுபவத்துக்கு மேற்பட்டதை "3 ஆண்டுக்கு மேல்" என்று மட்டும் போடுங்கள். இல்லையென்றால் கூட்டிப் பார்த்தாலே வயது வந்துவிடும். கல்லூரிப் பெயர் "இளநிலைப் பட்டம், வணிகவியல்" ஆகட்டும். முகவரி இருக்கும் இடத்தில் "அலுவலகத்துக்கு வர ஒப்புதல்: ஆம்" என்பது போதும்.

இவற்றைத் தாண்டியும் கசியும். பொழுதுபோக்கு, சங்க உறுப்பினர் பதவி, மகளிர் அணித் தலைவர், தாய்மொழி, மகப்பேறு விடுப்பு என்று குறிப்பிட்ட இடைவெளி, பரிசு வாங்கிய ஆண்டு. அப்புறம் கணினி செய்யும் குறும்பு. கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கும். பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் போட்டிருப்பீர்கள், அதைத் தேர்ந்தெடுத்து வேறெங்காவது ஒட்டினால் கீழே இருக்கும் எழுத்து அப்படியே வரும். கோப்பின் பண்புகள் பகுதியில் ஆசிரியர் என்ற இடத்தில் பெயர் உட்கார்ந்திருக்கும். மறைத்ததைப் படமாக மாற்றி, புதுக் கோப்பாகச் சேமித்தால் இவை போகும்.

மேற்கத்திய இசைக்குழுக்கள் திரை கட்டி, வாசிப்பவரைப் பார்க்காமல் தேர்வு நடத்தத் தொடங்கியபோதும் இதே பாடம்தான். திரைக்குப் பின்னால் நடந்து வரும் காலணிச் சத்தத்திலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அதனால் தரையில் கம்பளம் விரித்தார்கள். உங்கள் ரெஸ்யூமேயில் காலணிச் சத்தம் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, நான் முதலில் சொன்ன ஊகச் சோதனைதான். மறைத்தவற்றில் இருபதை எடுத்து, ஆணா பெண்ணா என்று ஒருவரை ஊகிக்கச் சொல்லுங்கள். இரு பாலரும் பாதிப் பாதி இருக்கும்படி எடுத்தால், குருட்டாம்போக்கில் சொன்னாலும் பத்து சரியாக வரும். பதினைந்து, பதினாறு வந்தால் எங்கோ கசிகிறது. எதை வைத்துச் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள், ஓட்டை எங்கே என்று அவரே காட்டிவிடுவார்.

படிப்பது எப்படி

ஒரு ரெஸ்யூமேயை முழுக்கப் படித்து நான்குக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு கோளாறு இருக்கிறது. முதல் கேள்விக்கு 3 வாங்கியவருக்கு அடுத்த மூன்றிலும் கை தாராளமாகிறது. குறுக்காகப் படியுங்கள். முதலில் எல்லோருடைய மாத முடிவுக் கணக்கு அனுபவத்துக்கும் மதிப்பெண், பிறகு எல்லோருடைய இரண்டாவது அம்சத்துக்கும், அப்படியே. படிவத்திலிருந்து வந்த தரவு என்றால் இது எக்செலில் பத்தி பத்தியாகக் கீழே போவதுதான். ஒவ்வொரு அம்சத்துக்கும் வரிசையைக் கலைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் முதலில் வருபவருக்கும், எப்போதும் களைத்த நேரத்தில் வருபவருக்கும் நியாயம் ஒன்றாக இருக்காது.

இரண்டு பேர் தனித்தனியாகப் போடட்டும். முடியும் வரை ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. ஓர் அம்சத்தில் 2 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் பேசுங்கள், மற்றவற்றுக்குச் சராசரி போதும். இந்தப் பேச்சு பொன்னானது. ஒருவர் 0, ஒருவர் 2 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் தவறு அளவுகோலின் வாசகத்தில் இருக்கும். வாசகத்தைத் திருத்தினால் எல்லோருக்குமான மதிப்பெண்ணையும் அதன்படி மறுபடி பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். அதனால்தான் எண்பதையும் தொடங்கும் முன் ஐந்தை வைத்து ஒத்திகை பார்க்கச் சொல்வேன்.

மதிப்பெண்கள் முடிந்ததும் பூட்டுங்கள். தாளின் ஒரு பிரதியைத் தேதியோடு எடுத்துவைத்த பிறகே பெயர்ப்பட்டியல் வெளியே வர வேண்டும். பெயரைப் பார்த்த பின் யாரையாவது சேர்க்கவோ நீக்கவோ மேனேஜர் விரும்பினால் செய்யட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் காரணம் அளவுகோலில் உள்ள நான்கில் ஒன்றைத் தொட்டுப் பேச வேண்டும்.

எங்கே இது எதிராகத் திரும்பும்

பிரான்சில் அரசு வேலைவாய்ப்பு அமைப்பின் வழியாகப் பெயர் மறைத்த ரெஸ்யூமேக்களைச் சோதித்தார்கள். லுக் பெஹாகெல், புரூனோ கிரெப்போன், தோமா லெ பார்பன்ஷோன் மூவரும் 2015இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பெயர் மறைத்தபோது சிறுபான்மையினருக்கு அழைப்பு கூடவில்லை, குறைந்தது. காரணம் தேடினால் இரண்டு கிடைக்கின்றன. சோதனைக்குத் தாமாக முன்வந்த நிறுவனங்கள், முன்பே சிறுபான்மையினரைக் கனிவோடு பார்த்தவை. அவற்றின் கையைக் கட்டியதும் அந்தக் கனிவு போய்விட்டது. இன்னொன்று, ஒருவருடைய பின்னணி தெரிந்தால் ரெஸ்யூமேயில் உள்ள வேலை இடைவெளியைப் புரிந்துகொண்டு படிக்க முடியும். பின்னணியை மறைத்தால் இடைவெளி வெறும் குறையாக நிற்கும். ஆஸ்திரேலிய அரசுத் துறைகளில் 2017இல் நடந்த சோதனையிலும், பெயர் தெரிந்தபோது பரிசீலித்தவர்கள் பெண்களுக்குச் சற்றே சாதகமாக இருந்தார்கள். அங்கே மறைப்பு பெண்களுக்கு உதவியிருக்காது.

மறைப்பு பாரபட்சத்தை எந்தத் திசையில் இருந்தாலும் எடுத்துவிடும். உங்கள் அலுவலகத்தில் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் மறைக்காதீர்கள் என்று நான் முதலில் பழைய கோப்பைத் திறக்கச் சொன்னது இதனால்தான். இடைவெளிக்கும் ஒரு வழி வையுங்கள். அளவுகோலில் இடைவெளிக்கு மதிப்பெண் குறைப்பு எதுவும் இல்லை என்று எழுதுங்கள். கால அளவை வேலைக்கு வேலை தனித்தனியாகக் காட்டினால் இடைவெளி கண்ணிலும் படாது.

இன்டர்வியூவில் முகம் தெரிந்துவிடும், அங்கே மறைக்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், அதே 0 முதல் 3 வரையிலான மதிப்பெண், கலந்து பேசும் முன்பே தனித்தனியாக எழுதிவைப்பது. இதையாவது செய்யாவிட்டால் வாசலில் மறைத்ததை உள்ளே திறந்துவிட்டதாகிவிடும்.

அடுத்த சுற்றில் என்ன பார்ப்பது

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். அடுத்த ஆள்சேர்ப்பில் 72 பேர், A வகையில் 24, B வகையில் 48. மறைத்துப் படித்ததில் இரு வகையிலும் ஆறு ஆறு பேராகப் பன்னிருவர் தேறினார்கள். 25 சதவீதமும் 12.5 சதவீதமும், விகிதம் 0.50. "இன்னும் ஒன்றாகவில்லையே, முறை தோற்றுவிட்டதா?" என்று யாராவது கேட்பார்கள். முன்பு 0.24 இருந்தது. மறைத்துப் படித்தபோது வந்த தகுதி வித்தியாசமே 0.56. அதற்கு அருகே வந்துவிட்டது என்றால், பரிசீலனையில் இருந்த ஓட்டை பெரும்பாலும் அடைபட்டது. மிச்சம் விண்ணப்பங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. விளம்பரம் யாரைச் சென்றடைகிறது, "புகழ்பெற்ற கல்லூரிப் பட்டதாரிகள் விரும்பப்படுவர்" போன்ற வரி அதில் இருக்கிறதா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய வேலை. அதை மறைப்பால் சரிசெய்ய முடியாது.

பிறகு பெயர்ப்பட்டியல் திறந்த பின் நடந்த மாற்றங்களை எண்ணுங்கள். பன்னிரண்டில் இருவரை நீக்கி வேறு இருவரைச் சேர்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீக்கப்பட்ட இருவரும் B, சேர்க்கப்பட்ட இருவரும் A என்றால், எழுதிய காரணங்களை உரக்கப் படித்துப் பாருங்கள். அதில் எங்கேயாவது "வலுவான அடித்தளம்" என்று இருக்கும்.